ஒற்றைப் பிள்ளைக்கு விலக்கு

எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் சம்பளம் வாங்கியதில்லை. இலங்கையின் மேற்குக் கரையில், உடப்பில் அப்பாவுக்குக் கிடைத்தது பங்கு. கரைவலை இழுத்து, மீன் விற்று, வலைக்காரரின் பாகம் போக மிஞ்சியதை இழுத்த ஆட்களுக்குப் பிரித்தால் அது பங்கு. மீன் ஏறாத நாளில் பங்கும் இல்லை. மாதம் முடிந்தால் ஒரு தொகை வரும், அதிலிருந்து இன்னின்னது வெட்டுவார்கள் என்பதை நான் பள்ளிக்கூடத்து வர்த்தகப் புத்தகத்தில்தான் படித்தேன். நான் கையால் தொட்ட முதல் சம்பளச் சீட்டு, பெங்களூரில் வேறொருவருக்காக நானே எழுதியது.

பெங்களூருக்குப் போனதற்குக் காரணம் சண்டைதான். எங்கள் கரையில் குண்டு விழவில்லை. ஆனால் சிலாபம் தாண்டிக் கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் என் வயதுப் பொடியன்கள் இறங்கி நிற்காத சோதனைச் சாவடி கிடையாது. ஒருமுறை என்னை இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். அப்பா எங்களுக்கென்று இருந்த சின்னத் தோணியை விற்பதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காசில் மாணவர் விசா எடுத்துப் போனவன் பட்டத்தை முடித்தேன். விசா நீடிக்க வேண்டும் என்பதற்காக இன்னொரு படிப்பில் பெயரைப் பதிந்துவிட்டு, ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கணக்குக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். மாணவர் விசாவில் வேலை செய்யக் கூடாது. ஆகவே தொழிற்சாலையின் பெயர்ப் பட்டியலில் நான் இல்லை. என் சம்பளம் 'இதர செலவு' என்ற பெயரில் ஒரு துண்டுச் சீட்டில் வரும். முந்நூறு பேருக்குச் சம்பளச் சீட்டு எழுதிய எனக்குச் சம்பளச் சீட்டு இல்லை.

அந்தச் சீட்டில் வெட்டுக்கள் மூன்று. சேமலாப நிதி, மருத்துவக் காப்பு, பிறகு பி.டி. என்று ஒரு சிறிய கட்டம். தொழில் வரி. எங்கள் நாட்டில் அப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. மாநில அரசு, சம்பளம் வாங்குபவரிடமிருந்து அவர் சம்பளம் வாங்குகிறார் என்பதற்காகவே எடுக்கும் வரி. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசிக் கடையிலிருந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"வேலை செய்யிறதுக்கே வரியா? அப்ப சும்மா இருக்கிறவனுக்கு என்ன குடுக்கிறாங்கள், பரிசா?"

"கொஞ்சக் காசுதான் அப்பா. ஆளுக்கு முப்பது, அறுபது."

"கவனமாப் பார்த்து வெட்டு. பிறத்தியான்ர சம்பளம்."

கவனமாகத்தான் பார்த்தேன். அதுதான் வினை.

கணக்குக் கந்தோரின் தலைமைக் கணக்காளர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் போட்டார். "ஏனப்பா, இதைப் படி. வாயால கேட்டு வேலை செய்யாதே. அரசாணை என்ன சொல்லுதோ அதுதான்." அட்டவணையை நான் அன்றே மனனம் செய்துவிட்டேன். மாதம் மூவாயிரத்துக்குக் கீழே வாங்கினால் ஒன்றும் இல்லை. மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் என்றால் முப்பது. ஐயாயிரத்திலிருந்து எட்டாயிரத்துக்குள் அறுபது. இப்படிப் படிப்படியாக ஏறி, பதினையாயிரத்தில் இருநூறோடு நின்றுவிடும். வெட்டியதை அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கட்ட வேண்டும். வெட்ட மறந்தால் முதலாளிதான் கையிலிருந்து கட்ட வேண்டும், வட்டியும் சேர்த்து. தையல் இயந்திரத்தில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் மூவாயிரத்தைத் தொடாதவர்கள். அவர்களுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். மேற்பார்வையாளர்களுக்கு முப்பது.

மேற்பார்வையாளர்களில் ஒருவருக்கு மட்டும் கோடு.

அவர் இரண்டாம் வரிசையின் மேற்பார்வையாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கணவர் ஆட்டோ ஓட்டினார். அவருடைய கோப்பில் அரசு பெரியாஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சை அதிகாரி கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ் இருந்தது. அரசாணையின் விலக்குப் பட்டியலில் கண் தெரியாதவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் என்று போகும் வரிசையில் இன்னொரு இனமும் இருந்தது. ஒரே பிள்ளை உள்ளவர், தானோ தன் துணையோ கருத்தடை அறுவை செய்துகொண்டிருந்தால், சான்றிதழைக் காட்டினால் தொழில் வரி இல்லை. அந்த அக்காவுக்கு ஒரே மகள். பிரசவம் சிக்கலாகிப்போய், அடுத்ததைத் தாங்காது என்று சொல்லி அப்போதே அறுவை செய்துவிட்டார்கள். அந்தச் சான்றிதழை வாங்க அவர் இரண்டு நாள் சம்பளத்தை இழந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றதாகக் கணக்காளர் சொல்லிச் சிரித்தார். "முப்பது ரூபாய்க்கு! ஆனா பிடிவாதக்காரி."

சம்பள நாளில் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரிசையாக வருவார்கள். அந்த அக்கா சீட்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

"தம்பி, என் பொண்ணு இந்த மாசமும் சம்பாதிச்சுட்டாளா?"

"ஓம் அக்கா."

"ஓமாம்! ஹோமம் வளக்கிறான்டி இந்தப் பையன்." எங்கள் ஊரில் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்போம், அதற்குப் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். மூன்றாம் வரிசை மேற்பார்வையாளர், ஐந்து பிள்ளைக்காரி, எட்டிப் பார்த்து, "எனக்கு அஞ்சு இருக்கு, அஞ்சுக்கும் சேத்துப் பிடிக்கிறான். இவளுக்கு ஒண்ணே ஒண்ணு, அதுக்கு கவர்மெண்டு சம்பளம்," என்பார்.

"பொறாமைப்படாதே. உன் அஞ்சும் தின்னும். என் ஒண்ணு குடுக்கும்."

அந்த முப்பது ரூபாயை அவர் வீட்டுச் செலவில் சேர்ப்பதில்லை. மகளுடைய காசு என்று தனியே எடுத்து, அதற்கு மகளுக்கு எதையாவது வாங்குவார். வர்ணப் பென்சில், தலைக்கு ரிப்பன், ஒருமுறை ஒரு நெகிழிக் கைக்கடிகாரம். அதை மகளுக்குக் கட்டும் முன் தன் கையில் கட்டிக்கொண்டு வரிசை முழுவதும் மணி சொல்லித் திரிந்தார். மகளுக்கு ஏழு வயது. ஆயுத பூசைக்குத் தொழிற்சாலைக்கு வந்தபோது ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். என் மேசைக்கு வந்து, "நீதான் என் காசு குடுக்கிற மாமாவா?" என்று கேட்டாள்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஏழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எட்டாம் நாள் தொழிற்சாலைக்குச் செய்தி வந்தது. இரண்டாம் வரிசை அன்று அரை நாளில் நின்றுவிட்டது.

காரியம் முடிந்து பதினேழாம் நாள் அக்கா வேலைக்கு வந்தார். நேரே வரிசைக்குப் போய், தையல் பிசகிய காலர்களைப் பிரித்து எடுத்து அடுக்கத் தொடங்கினார். 

மாத இறுதியில் என் வேலை தொடங்கியது. மருத்துவக் காப்பின் குடும்பப் பட்டியலில் பிள்ளையின் பெயரை நீக்க வேண்டும். நீக்கினேன். அந்தப் படிவத்தை அவருடைய கோப்பில் வைக்கும்போது சான்றிதழ் கண்ணில் பட்டது. உடனே அரசாணையை எடுத்து மீண்டும் படித்தேன். 'ஒரே பிள்ளை உள்ளவர்.' நிபந்தனை இரண்டு. அறுவை இருக்கிறது. பிள்ளை?

கணக்காளர் பத்து நாள் விடுப்பில் இருந்தார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது அரசாங்கத் தாளென்றாலே பயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொலிசில் போய்ப் பதிந்துவிட்டு வருகிறவன். ஒரு பிழை வந்தால், ஆய்வுக்கு யாரும் வந்தால், கோப்பு எழுதியவன் யார் என்று கேட்டால் நான் எங்கே நிற்பது? வராத நாட்களுக்கு வெட்ட வேண்டாம் என்று மேலாளர் சொல்லியிருந்ததால் சம்பளம் நாலாயிரத்துச் சொச்சம். அட்டவணைப்படி முப்பது. கோடு போட வேண்டிய கட்டத்தில் முப்பது என்று எழுதினேன். எழுதும்போது சரியாகச் செய்கிறேன் என்ற நிம்மதிகூட இருந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஏழாம் தேதி சம்பளம். அக்கா வந்தார். சீட்டை வாங்கினார். அன்று எதுவும் கேட்க மாட்டார் என்று நினைத்தேன். ஆனால் கண் பழக்கத்தில் அந்தக் கட்டத்துக்குத்தான் போனது.

"தம்பி, இது என்னா?"

"அக்கா... பி.டி."

"எனக்கு கெடையாதே."

 ஐந்து பிள்ளைக்காரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மெதுவாகத்தான் சொன்னேன். சட்டத்தில் ஒரே பிள்ளை உள்ளவருக்கு என்று இருக்கிறது, இப்போது அது பொருந்துமோ தெரியவில்லை, என்று ஏதோ சொன்னேன். அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

"அந்தப் பேப்பர எடு. படி, கேக்குறேன்."

ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், மேலாளர் சொல்லும் அளவுகளைக் கேட்பதுபோல.

"உயிரோட இருக்கிற பிள்ளைன்னு எழுதியிருக்கா?"

"இல்ல அக்கா. உள்ளவர் எண்டுதான்."

"ஆப்பரேசன் பண்ணவங்கன்னு எழுதியிருக்குல்ல?"

"ஓம்."

"அத யாரும் திருப்பிக் குடுக்கலையே தம்பி." வயிற்றில் கையை வைத்திருந்தார். "எனக்கு இன்னொண்ணு பொறக்கவா போவுது? எனக்கு இருக்கிறது ஒண்ணுதான். அது இருக்கோ இல்லையோ, ஒண்ணுதான். முப்பது ரூபா எனக்கு வேணாம். ஆனா நீ இங்க முப்பதுன்னு எழுதினா, எனக்குப் பிள்ளையே கெடையாதுன்னு எழுதினதாவுது. அத மாத்து."

கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். சம்பள உறை என் மேசையிலேயே இருந்தது.

அன்று எனக்கு அம்மா ஞாபகத்தில் வந்தார். பங்கீட்டு அட்டை எழுத கிராம சேவகர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அம்மா ஐந்து என்றார். அவர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலுதானே நிக்குது," என்றார். "ஒண்டு போயிட்டுது. நீங்க கேட்டது என்ர பிள்ளைகளைத்தானே?" அம்மா அதற்குமேல் இறங்கவில்லை. எனக்கு மூத்த அந்த அண்ணனை நான் கண்டதில்லை. ஆனால் யார் கேட்டாலும் அம்மாவின் கணக்கில் ஐந்துதான். எங்கள் பக்கத்துத் தாய்மார் அநேகம் பேர் அப்படித்தான் சொல்லுவார்கள். கிராம சேவகர் நாலு என்று எழுதிக்கொண்டு போனார். அவரை மனதுக்குள் திட்டிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

மறுநாள் கணக்காளர் விடுப்பு முடிந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீ கேக்காம வெட்டினது தப்பு. ஆனா வெட்டாம விட்டிருந்தா சரியான்னு எனக்கும் தெரியல." கோப்பைப் புரட்டினார். "வெட்டாம விட்டு, நாளைக்கு ஆடிட்டில கேட்டா கம்பெனி கட்டணும். எழுதிக் கேட்டுடலாம். பிள்ளை இறந்து போச்சு, அறுவை சான்றிதழ் இருக்கு, விலக்கு தொடருமா? அவ்வளவுதான். இருபதாம் தேதிக்குள்ள பதில் வந்தா அவளோட முப்பதைத் திருப்பிக் குடுத்துடலாம், கட்டவே வேண்டியதில்ல."

கடிதத்தைத் தொழிற்சாலையின் தலைப்புத் தாளில் நானே தட்டச்சு செய்தேன். அவர் கையெழுத்திட்டார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். வரி அலுவலகத்துக்கு நானே நேரில் போய்க் கேட்கப் போகிறேன் என்று.

"நீயே போறியா?"

"ஓம் அக்கா. நானே."

அப்போதுதான் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உறையை எடுத்துக்கொண்டார்.

வரி அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தது. வரிசை நீளம். ஒவ்வொருவர் கையிலும் மாதக் கணக்குப் படிவமும் வங்கிச் சலானும். முன்னால் நின்றவருக்கு மூச்சிரைத்தது, படியில் ஏறியதற்கு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் எழுத்தர் கடிதத்தை வாங்கி, தொழிற்சாலையின் பதிவு எண்ணைப் பார்த்தார். பிறகு உள்ளடக்கத்தைப் படித்தார். படித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கடுமை இல்லை.

"பாவம்," என்று கன்னடத்தில் சொன்னார். "இப்படி யாரும் கேட்டதில்லை. அதிகாரிதான் சொல்ல வேண்டும். நல்லபடியாகச் சொல்லலாம். உள்வரவுப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போ."

தடித்த ஒரு பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். கொண்டு வந்தவரின் பெயர். பதவி. கையெழுத்து.

பேனாவைக் கையில் எடுத்தேன். பதவி என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவது? கணக்கு உதவியாளர் என்று எழுதினால் அது என் கையால் அரசாங்கப் பதிவேட்டில் எழுதிய வாக்குமூலம். மாணவர் விசாக்காரன் இந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். இன்று யோசித்தால் எத்தனையோ வழி தெரிகிறது. 'எடுபிடி' என்று எழுதியிருக்கலாம். வேறு பெயரை எழுதியிருக்கலாம். யாரும் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை திறந்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் என்னை இரண்டு நாள் வைத்திருந்த அந்தச் சாவடியின் மரப் பலகையும், அதன் மேல் விரித்து வைத்திருந்த இதே மாதிரியான பதிவேடும், பெயர் என்ன, எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்ற குரலும்தான் தலைக்குள் நின்றன.

"யாவ ஊரு?" என்று எழுத்தர் கேட்டார். எந்த ஊர். சும்மா கேட்டது. என் கன்னடம் அவருக்குப் புதிதாக இருந்திருக்கும்.

"சார், முத்திரை வைக்க மறந்துவிட்டேன். வைத்துக்கொண்டு வருகிறேன்."

முத்திரை கடிதத்தின் அடியில் நீலமாக இருந்தது. அவரும் பார்த்தார். கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

பஸ் எடுக்காமல் நடந்தே திரும்பினேன். தொழிற்சாலை வாசலுக்கு வருவதற்குள் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துவிட்டேன்.

"என்ன சொன்னாங்க?" என்றார் கணக்காளர்.

"ஏலாதாம் சார். பிள்ளை இருந்தால்தான் விலக்காம்."

"எழுத்துல குடுத்தாங்களா?"

"வாயால சொன்னார்."

"ம்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அப்ப கட்டிடு. வேற என்ன செய்யறது."

அக்கா வரிசையில் நின்றார். இயந்திரங்களின் சத்தத்தில் காதருகே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கையில் இருந்த காலரை விடவில்லை. "முடியாதுன்னுட்டாங்களா," என்று மட்டும் கேட்டார். பிறகு அந்தக் காலரில் பிசகிய தையலை ஊசியால் பிரித்தார். இருபதாம் தேதி அவருடைய முப்பதையும் சேர்த்து வங்கியில் கட்டினேன்.

கடிதத்தை என் அறையில், பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். அடுத்த மாதம் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தேன். தபாலில் போடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் பதில் நல்லபடியாக வந்துவிட்டால்? முன்பு முடியாது என்று சொன்னது யார் என்று கணக்காளர் கேட்பாரே. பொய்யை ஒருமுறை சொன்ன பிறகு உண்மையே எனக்கு ஆபத்தாகிவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். ஒவ்வொரு மாதமும் அந்தக் கட்டத்தில் முப்பது என்று என் கையால் எழுதினேன். அக்கா ஒவ்வொரு மாதமும் சீட்டை வாங்கி, பார்க்காமல் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பிள்ளைக்காரி தன் சீட்டில் முப்பது இருந்ததைப் பற்றி அதன் பிறகு ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஆறாம் மாதம் விசா நீடிக்கப்படவில்லை. திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். சண்டை நடக்கும் நாட்டுக்குத் திரும்பும் பயத்தைவிட, இனி அந்தக் கட்டத்தை நான் எழுத வேண்டியதில்லை என்ற ஆறுதல்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. கடைசிச் சம்பள நாளில் கணக்காளரிடம் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்திருந்தேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். காலை முழுதும் அவருடைய கதிரைக்கு அருகே இரண்டு முறை போய் வந்தேன். அவர் எனக்காக வாங்கி வைத்திருந்த ஒரு பேனாவைத் தந்தார். என்னால் முடியவில்லை.

அக்கா எல்லோருக்கும் கடைசியாக வந்தார். கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் போகவில்லை.

"ஊருக்குப் போறியாமே."

"ஓம் அக்கா."

"சண்டை இருக்குதே. பாத்து இரு." மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னைக்கு உன்ன நான் கோவிச்சுக்கிட்டேன். ஆனா நீ போனியே. என் பொண்ணுக்காக ஒரு ஆபீசுக்குப் போயி, அவ பேர்ல ஒரு கேள்வி கேட்டியே. அவ அப்பனுக்குக்கூட தோணல. அவங்க முடியாதுன்னா சொல்லட்டும். நீ கேட்டேல்ல, எனக்கு அது போதும்."

நான் தலையை ஆட்டினேன்.

அவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டாம் வரிசைக்குத் திரும்பிப் போனார்.